காய்ச்சல் விட்ட நாளில் வேன் ஏறிய மணப்பெண்

காய்ச்சல் விட்டுவிட்டது என்று யாராவது சிரித்த முகத்தோடு வந்து சொன்னால் நான் சிரிக்கமாட்டேன். "எப்ப விட்டுச்சு? ஒண்ணுக்குப் போனாங்களா? கை கால் சூடா இருக்கா?" என்று அடுக்கடுக்காகக் கேட்பேன். நல்ல சேதி சொல்ல வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். சுருங்கட்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், என் நாத்தனாரின் கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தில், நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மைசூரில் ஒரு நர்சிங் ஹோமில் அப்போது நான் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் வேலை. விஜயநகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஹனூரில் இருந்த என் மாமியாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் மகள் இருக்கிறாளே, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண். எனக்கு அவள் மேல் உயிர். கல்யாணப் புடவை எடுக்கவும் ரவிக்கை தைக்கவும் அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புடவை எடுத்து வந்த மறுநாளே காய்ச்சலில் விழுந்தாள்.

சாதாரணக் காய்ச்சல் இல்லை. தொட்டால் சுட்டது. முகம் சிவந்து வீங்கினாற்போல இருந்தது. "கண்ணுக்குப் பின்னால யாரோ விரல விட்டு அமுக்கற மாதிரி இருக்குதுங்க அண்ணி" என்றாள். முதுகையும் மூட்டுகளையும் அடித்துப் போட்டதைப் போன்ற வலி. எங்கள் வார்டில் அந்த மழைக்காலத்தில் இதே கதையைச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு தண்ணீர் டிரம் மூடி இல்லாமல் நின்றது. குழாயில் தண்ணீர் வராத நாளுக்குப் பிடித்து வைத்தது. அதில் நெளிந்த கொசுப்புழுக்களைக் காட்டி நான் கத்தியபோதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் சிரித்தார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் கையில் கட்டி, காற்றடித்துச் சில நிமிடம் அப்படியே விட்டார். அவிழ்த்தபோது முழங்கைக்குக் கீழே பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள், தோலுக்கடியில் ரத்தம் கசிந்த அடையாளம். "கொசு கடிச்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். கொசுதான், ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை. "டெங்கு மாதிரி தெரியுது. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, டெங்குன்னே வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர், கன்னடம் கலந்த தமிழில். ரத்தம் எடுத்துப் பிளேட்லெட் என்கிற தட்டணுக்களையும், ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதையும் பார்த்து வைத்தார். கெட்டி முப்பத்தாறு சதவீதம். அவளுக்கு அதுதான் இயல்பான அளவு, இனி அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடவே கூடாது, வயிற்றில் ரத்தம் கசியவிடும். வாந்தி இல்லாதவரை வாய் வழியாகத் தண்ணீர் போகட்டும். தினமும் ரத்தம் பார்க்க வேண்டும்.

சொல்வது சுலபம். மகளுக்குக் காய்ச்சல் என்றதும் மாமியார் ஹனூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். மடியில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை. "ஒண்ணு போட்டா ஒடம்பு வலி போயிருமுங்க" என்று எனக்குத் தெரியாமல் ஒளித்துக் கொடுக்கப் பார்த்தார். பிடுங்கிச் சாக்கடையில் வீசினேன். அடுத்தது இளநீர்ச் சண்டை.

"ஏனம்மணி, காய்ச்சல்காரிக்கு எளநி குடுத்தா ஜன்னி வந்துரும். பன்னும் காப்பியும் குடு, போதும்."

"அத்தை, காய்ச்சல்ல ஒடம்புத் தண்ணி ஆவியாப் போயிட்டிருக்கு. நீங்க பன்னை வெச்சு அடைக்கப் பாக்கறீங்க!"

கஞ்சி, மோர், ரசத்தெளிவு, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு டம்ளராகக் கொடுத்தேன். குடித்ததை மட்டும் பார்த்தால் போதாது, போனதையும் பார்க்க வேண்டும். சிறுநீர் அடிக்கடி, வெளுப்பாகப் போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெட்கத்தில் செத்தாள் பாவம். "அண்ணி, கல்யாணப் பொண்ணுகிட்ட கேக்கற கேள்வியாங்க இது?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

டாக்டர் ஒன்றை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அழுத்திச் சொல்லியிருந்தார். காய்ச்சல் கொதிக்கிறபோது பயம் குறைவு. அது இறங்குகிறபோதுதான் பயம். சுடுகிற நாட்களில் கஷ்டம் இருந்தாலும் ரத்தக் குழாய்கள் தாங்கும். சூடு இறங்கும் வேளையில், ஒன்றிரண்டு நாளைக்கு, சிலருக்குக் குழாய்ச் சுவர் சல்லடையாகிவிடும். ரத்தத்தின் தண்ணீர்ப் பகுதி வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். உள்ளே மிஞ்சிய ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சுருண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடி வரவேண்டும். என் வீட்டுக்காரர் பலமாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதை நம்பி நான் வேலைக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. "பத்து மணிக்கெல்லாம் ரத்தம் பாக்கக் கூட்டிட்டு வந்துருங்க, மறந்தீங்க, நான் சும்மா இருக்கமாட்டேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் காலை ஷிஃப்டுக்குப் போனேன். பத்தானது, பதினொன்றானது, அவர்களைக் காணோம். கீழ்வீட்டுக்கு ஃபோன் போட்டால் எடுக்க ஆளில்லை. மேட்ரனிடம் அரைகுறையாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் பறந்தேன்.

தெருமுனையிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, குறுக்கே மாவிலைத் தோரணம். மாடிப்படியில் சாம்பிராணி வாசனை. உள்ளே என் மாமியார் ஒரே பூரிப்பு.

"வந்துட்டியா கண்ணு! காய்ச்சல் சுத்தமா வுட்டுருச்சு! தலைக்கு வெந்நி ஊத்தியாச்சு, நலங்கும் வெச்சாச்சு. இப்பக் கெளம்புனாத்தான் நாலு மணிக்குள்ள ஊரு போய்ச் சேர முடியும். பொண்ணழைக்க அங்க அத்தனை பேரு காத்துக் கெடக்கறாங்க."

"ரத்தம் பாத்தீங்களா?"

"காய்ச்சலே இல்ல, ரத்தத்த எதுக்குப் பாக்கோணும்?" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

கூடத்தில் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் மஞ்சள், தலையில் ஈரம், புதுப் புடவை. பார்க்க அவ்வளவு லட்சணம். எல்லோரும் கல்யாணக் கூச்சம் என்று நினைத்திருக்கிறார்கள், பெண் பேசாமல் இருக்கிறாள் என்று. நான் கையைப் பிடித்தேன். வெந்நீரில் குளித்த பெண்ணின் கை ஐஸ் மாதிரி இருந்தது. நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த இடம் சிவப்பாகத் திரும்ப நேரமெடுத்தது. நாடி குருவி நெஞ்சு மாதிரி வேகமாக, ஆனால் விரலுக்குச் சரியாகச் சிக்காமல் நழுவியது.

"வயித்த வலிக்குதுங்க அண்ணி. ரெண்டு மூணு தடவ வாந்தி எடுத்தேன். நல்ல நேரத்துல எதுக்குச் சொல்லறதுன்னு சொல்லல."

"ஒண்ணுக்குப் போனியா?"

தலையை மெல்ல ஆட்டினாள். காலையிலிருந்து இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு எடுங்க! இப்பவே!" என்று கத்தினேன். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். நலங்கு வைத்த பெண் கல்யாண வீட்டுக்குப் போகலாமே தவிர வேறெங்கும் படி தாண்டக்கூடாது, அதிலும் ஆஸ்பத்திரியாவது! மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் நோயாளிப் பெண்ணைத் தலையில் கட்டினார்கள் என்று பேச்சு வரும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகள் பிழைத்துவிட்டாள் என்று மனதார நம்பிச் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சண்டை போட்டால் நேரம் போகும். ஹனூருக்கு மூன்று மணி நேரம். வழியில் கொள்ளேகால் தாண்டி எங்கேயாவது அழுத்தம் முழுக்க விழுந்தால், ரோட்டோரத்தில் இந்தப் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரிங்க அத்தை. கெளம்பலாம். நானும் வரேன்" என்றேன்.

மாமியாருக்கு முகம் மலர்ந்தது. பெண்ணைப் பின்சீட்டில் படுக்க வைத்து, காலை உயர்த்தி என் வீட்டுக்காரர் மடியில் வைக்கச் சொன்னேன். நான் முன்னால் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் ஊருக்குள் வந்து, நரசீபுரம் வழியாக ஹனூர் போகிற ரோடும் நர்சிங் ஹோம் ரோடும் பிரிகிற இடம் வந்தது.

"லெஃப்ட்ல திருப்பு."

"ஏன்க்கா? ஹனூருக்கு நேராத்தானே போகணும்?"

"ஹனூரு எங்கயும் ஓடிப் போகாது. திருப்பு!"

பின்னால் மாமியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "டேய், வண்டிய நிறுத்துடா! இவ எங்கியோ கூட்டிட்டுப் போறா!"

"நிறுத்தின, சாவியப் பிடுங்கிட்டு நானே ஓட்டுவேன்! எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பாத்துக்கோ!"

அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்தான், "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டான், திருப்பினான். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஸ்கூட்டர்காரர்களை எல்லாம் ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன். கல்யாண வேன் தடதடவென்று வருவதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்துக் கையாட்டினார்கள். வாழைக்கன்றும் தோரணமுமாக நாங்கள் நர்சிங் ஹோம் போர்ட்டிகோவில் போய் நின்றபோது வாட்ச்மேன் வாயைப் பிளந்தார்.

அழுத்தம் மேலே தொண்ணூறு, கீழே எழுபத்தைந்து. தொண்ணூறைப் பார்த்துச் சிலர் ஏமாந்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இவ்வளவு சுருங்கினால் அது ஷாக். கெட்டி நாற்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. தட்டணுக்கள் மளமளவென்று இறங்கியிருந்தன. டாக்டர் ஒரு வார்த்தை வீணாகப் பேசவில்லை. நானே ஊசி குத்தினேன். மஞ்சள் பூசிய கையில் நரம்பு தேடுவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. கிடைத்தது! நார்மல் சலைன் முதலில் வேகமாக ஓடியது.

என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். "தட்டணு கொறஞ்சுருச்சே, என் ரத்தத்த எடுத்துக்குங்க டாக்டர்."

"ரத்தம் எங்கயும் வடியலை. இப்போ கொறைஞ்சது தண்ணி. தண்ணிய உள்ளே நிறுத்துவோம், தட்டணு தானா ஏறும்" என்றார் டாக்டர்.

முதல் பாட்டில் இறங்க இறங்க நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெகுநேரம் சில்லென்றே இருந்தது. பிறகு கட்டைவிரலில் லேசான வெதுவெதுப்பு. நான் நம்பவில்லை, மற்ற காலையும் தொட்டேன். அதுவும் வெதுவெதுப்பு! அழுத்த இடைவெளி விரிந்தது. மறுபடி ரத்தம் பார்த்தால் கெட்டி இறங்கியிருந்தது. உடனே டாக்டர் வேகத்தைக் குறைத்தார், பிறகு இன்னும் குறைத்தார். ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர் இது, கசிவதும் எங்கேயும் போய்விடுவதில்லை, நெஞ்சிலும் வயிற்றிலும்தான் நிற்கிறது. அதனால் தேவைக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. அழுத்தம், நாடி, சிறுநீர், கெட்டி, இந்த நான்கையும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சொட்டுக் கணக்கை மாற்றிக்கொண்டே இருந்தோம். அப்படியே அடுத்த நாளும் போனது. நான் வீட்டுக்குப் போகவில்லை.

முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. மாமியார் என்னிடம் பேசவில்லை. ஆனால் பாட்டிலை மட்டும் கண் கொட்டாமல் பார்த்தார். அதுதான் மகளைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று அவர் கண்ணாலேயே பார்த்தாரே! பன்னும் காப்பியும் போதும் என்றவருக்கு இப்போது பாட்டில்தான் சாமி.

அதற்கடுத்த நாள் காலை பெண் "பசிக்குதுங்க" என்றாள். காலில் சிவப்பாகத் தடிப்பு படர்ந்து, நடுநடுவே வெள்ளைத் தீவுகள். ஒரே அரிப்பு. எனக்குக் குதிக்கத் தோன்றியது. குழாய்ச் சுவர் மூடிக்கொண்டது, வெளியே போன தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். டாக்டர் சொட்டை மிக மெதுவாக்கி, ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஊசியையே எடுத்துவிடலாம் என்றார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வராந்தாவில் நின்றார்கள், முகத்தில் ஈயாடவில்லை. மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சும்மா சோர்வுதானுங்க சம்பந்தி" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, அங்கே பெஞ்சில் உட்கார வைத்தார். நான் பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பெண் எழுந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறாள். படுக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தேன். காலி. புதிதாக மாட்டிய பாட்டில்!

"யாரு தொறந்தது?"

"நாந்தான்" என்றார் மாமியார். "நீ கஞ்சத்தனமாச் சொட்டுச் சொட்டா வுட்டுட்டு இருந்த. என்ற மக வெரசாத் தெளியட்டும், சம்பந்தி முன்னால எந்திரிச்சு உக்காரட்டும்னு கொழாயில இருக்கற அந்தச் சக்கரத்த முழுசாத் தொறந்து வுட்டேன்."

நான் கத்தவில்லை. குழாயை மூடினேன், டாக்டரைக் கூப்பிட்டேன், தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்தினேன், ஆக்சிஜன் வைத்தேன். டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். நுரையீரல் அடியில் கொரகொரவென்றது. வெளியே போன தண்ணீர் திரும்பிவரும் வேளையில் பாட்டில் தண்ணீரும் சேர்ந்து கொட்டினால் போக்கிடம் ஏது? அழுத்தம் நன்றாக நின்றதால் நீர் பிரிய ஊசி போட்டார். இனி அது சிறுநீராகப் போக வேண்டும். போகாவிட்டால் நுரையீரலிலேயே நின்று மூச்சை அடைத்துவிடும்.

மாமியாருக்கு அப்போதுதான் புரிந்தது. "நானே என்ற மகளக் கொன்னு போட்டனா அம்மணி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "இல்லீங்க அத்தை. உக்காருங்க. பாக்கலாம்" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஸ்கிரீனை இழுத்து மறைத்து, பெட்பேனை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் மாமியாரின் உதடும் சேர்ந்து அசைந்தது. பிறகு பெட்பேனில் விழுகிற சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. அளவு ஜாடியில் ஊற்றினேன். கழுத்து வரைக்கும் வந்தது! கொஞ்ச நேரத்தில் மறுபடியும். இருமல் தணிந்தது. அவள் பின்னால் சாய்ந்து, "இப்பப் பரவால்லீங்க அண்ணி" என்று வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னாள்.

மாமியார் ஜாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். முந்தானை எங்கேயோ கிடக்க, ஸ்கிரீனைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். சம்பந்தி, மாப்பிள்ளை, வாட்ச்மேன், பக்கத்து வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"என்ற மக ஒண்ணுக்குப் போயிட்டாளுங்க சம்பந்தி! ரெண்டு தடவ! நெறையப் போயிட்டா!"

உள்ளே கட்டிலில் மணப்பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே மாப்பிள்ளை அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டது.